ஒரே சப்ளையருக்கு 85-ம் வரும், 57-ம் வரும்

கேள்வி: சிறிய பம்ப் அசெம்ப்ளி நிறுவனம் ஒன்றில் கொள்முதலைக் கவனிக்கிறேன். ஷாஃப்ட்டை வெளியில் ஒரு சப்ளையரிடம் வாங்குகிறோம். தரம், டெலிவரி, விலை, புகாருக்குப் பதில் என்று நான்கு கட்டம் போட்டு, மாதாமாதம் 10-க்கு மார்க் போடுகிறேன். எப்போது போட்டாலும் 7 அல்லது 7.5 தான் வருகிறது. முதலாளி "நல்ல சப்ளையர், விலையும் குறைவு" என்கிறார். புரொடக்ஷன் சூப்பர்வைசர் "இவரை மாற்றாவிட்டால் லைன் ஓடாது" என்கிறார். கடந்த மூன்று மாதப் பதிவுகளை இணைத்திருக்கிறேன். இந்த மார்க்கை நம்பி ஒரு முடிவு எடுக்கலாமா? சரியாக எப்படிப் போடுவது?

பதில்: இந்த மார்க்கை நம்பி எதுவும் செய்ய வேண்டாம். ஆனால் நீங்கள் இணைத்திருக்கும் பதிவுகள் நன்றாகவே இருக்கின்றன. மார்க்கை அவற்றிலிருந்து எடுத்தால் போதும்.

மாதக் கடைசியில் உட்கார்ந்து 10-க்கு எத்தனை என்று யோசித்தால் எல்லோருக்கும் 7 தான் தோன்றும். 5 போட்டால் ஏன் இன்னும் வாங்குகிறீர்கள் என்று கேள்வி வரும், 9 போட்டால் சூப்பர்வைசர் சும்மா இருக்க மாட்டார். அதுவும் சப்ளையரைத் தேர்ந்தெடுத்தவரே மார்க்கும் போடும்போது கை தானாகவே நடுவில் போய் நிற்கும். உங்களைக் குறை சொல்லவில்லை, அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அப்படித்தான். அதனால் மதிப்பெண்ணை யாரும் "போட" வேண்டாம், எண்ணி எடுக்கட்டும். சரக்கு வந்த தேதியும் அளவும் ஸ்டோரிலிருந்து வரட்டும். ஒதுக்கிய பீஸ் கணக்கு தரப் பிரிவிலிருந்தும், இன்வாய்ஸ் கணக்கு அக்கவுண்ட்ஸிலிருந்தும் வரட்டும். நீங்கள் அவற்றைத் தொகுத்தால் போதும்.

முதலில் தரம். பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

மூன்று மாதத்தில் 20 லாட், மொத்தம் 10,000 ஷாஃப்ட் வந்திருக்கின்றன. சரக்கு வந்தவுடன் செய்த சோதனையில் 55 பீஸ் ஒதுக்கப்பட்டிருக்கிறது. முதலாளி பார்ப்பது இந்த அறிக்கையைத்தான், அதனால்தான் அவருக்கு இவர் நல்ல சப்ளையர். ஆனால் நீங்கள் லாட்டில் சிலவற்றை மட்டும்தான் எடுத்துச் சோதிக்கிறீர்கள். மீதி எல்லாம் நேராக லைனுக்குப் போகின்றன. அங்கே பேரிங் ஏறாமல் நின்றவை, ஓரத்தில் பர் என்னும் உலோகப் பிசிறு இருந்ததால் ஒதுக்கியவை என்று இன்னும் 85 பீஸ் சூப்பர்வைசரின் நோட்டில் இருக்கின்றன. அந்த 85 உங்கள் மார்க் ஷீட்டுக்கு வரவே இல்லை. ஆளுக்குப் பாதிக் கணக்கை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள், அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்ய லைனில் ஒதுக்கும் ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு சீட்டு வேண்டும். அதில் லாட் எண், என்ன குறை, எத்தனை பீஸ் என்ற மூன்றும் இருந்தால் போதும். லாட் எண் இல்லாமல் "ஷாஃப்ட் சரியில்லை" என்று மட்டும் எழுதிய சீட்டைச் சப்ளையரிடம் காட்டிப் பேச முடியாது. பெட்டியிலிருந்து பிரித்துக் கொட்டும்போதே லாட் எண் தொலைந்துபோகிறது என்றால், லைனில் ஒரு நேரத்தில் ஒரு லாட்டை மட்டும் திறக்கும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள்.

சரி, இரண்டையும் சேர்த்தால் 140 பீஸ். 10,000-க்கு 140 என்றால் 1.4 சதவீதம். பலரும் இந்த இடத்தில் செய்வது என்னவென்றால், 98.6 சதவீதம் நல்ல பீஸ், ஆகவே தரத்துக்கு 98.6 மார்க் என்று எழுதிவிடுவார்கள். கணக்கு சரி, மார்க் தப்பு. லைனையே நிறுத்தும் அளவுக்கு மோசமான சப்ளையருக்குக்கூட இந்த முறையில் 95-க்குக் கீழே வராது. தரத்துக்கு 40 சதவீத எடை கொடுத்திருந்தாலும் அந்த 40-ல் 38 எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்துவிடும். சப்ளையர்களைப் பிரித்துக் காட்ட மிஞ்சுவது 2 மார்க்தான்.

அதனால் ஒதுக்கிய சதவீதத்தை நேராக மார்க்காக எழுதாமல் ஒரு படிக்கட்டில் வையுங்கள். உங்கள் ஷாஃப்ட்டுக்கு நான் போடுவது இது: 0.2 சதவீதம் வரை 100 மார்க், 0.5 வரை 80, 1 வரை 60, 2 வரை 30, அதற்கு மேல் போனால் 0. இந்தப் படிகள் ஏதோ தரநூலிலிருந்து வந்தவை அல்ல. உங்கள் லைன் எவ்வளவு தாங்கும் என்பதிலிருந்து வருபவை. ஒரு ஷிஃப்டில் ஏறத்தாழ 200 பம்ப் செய்கிறீர்கள் என்று பதிவில் தெரிகிறது. 0.5 சதவீதம் என்றால் ஷிஃப்டுக்கு ஒரு ஷாஃப்ட் தகராறு செய்யும், அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. 2 சதவீதம் என்றால் நான்கு முறை கையை நிறுத்த வேண்டும், அது முடியாது. நட்டு, வாஷர் மாதிரிச் சாமானுக்கு இதே படிக்கட்டைப் போடக் கூடாது. ஷாஃப்ட்டில் உங்கள் 1.4 சதவீதம் 30 மார்க்கில் போய் விழுகிறது. சோதனையில் பிடித்த 55-ஐ மட்டும் எண்ணியிருந்தால் 60 கிடைத்திருக்கும்.

தரக் கணக்கில் இன்னொரு கசிவும் உண்டு. லைன் காத்திருக்கிறது என்பதற்காக, அளவு கொஞ்சம் தள்ளியிருந்தாலும் "இந்த ஒரு தடவை எடுத்துக்கொள்வோம்" என்று கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொள்ளும் லாட்கள்தான் அது. அவை ஒதுக்கிய கணக்கில் வராது, ஆனால் குறைதான். அப்படி ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு லாட்டுக்கும் தர மார்க்கில் 10 கழியுங்கள். உங்கள் பதிவில் அப்படி ஒன்றும் கண்ணில் படவில்லை. உண்மையிலேயே இல்லையா, இல்லை யாரும் எழுதுவதில்லையா என்று ஒரு தடவை விசாரியுங்கள்.

அடுத்து டெலிவரி. உங்கள் ஷீட்டில் 20 ஆர்டரில் 17 நேரத்துக்கு வந்ததாக இருக்கிறது, அதாவது 85 சதவீதம். கூட அனுப்பியிருந்த மெயில்களைப் படித்தபோது அது கரைந்துவிட்டது. மூன்று ஆர்டர்களில், தேதிக்கு முதல் நாள் சப்ளையர் "இன்னும் நான்கு நாள் வேண்டும்" என்று கேட்டிருக்கிறார். நீங்களும் சரி என்று சொல்லி, பர்ச்சேஸ் ஆர்டரிலேயே தேதியை மாற்றியிருக்கிறீர்கள். மாற்றிய தேதிக்கு அவர் சரியாகக் கொண்டுவந்துவிட்டார். இப்படி எழுதினால் உலகத்தில் தாமதமே இருக்காது. முதலில் இருவரும் ஒப்புக்கொண்ட தேதியை ஒரு தனிக் கட்டத்தில் எழுதிப் பூட்டிவிடுங்கள். மாற்றிய தேதி வேலைத் திட்டத்துக்கு வேண்டும், அது பக்கத்துக் கட்டத்தில் இருக்கட்டும். மார்க் முதல் தேதிக்குத்தான்.

வந்த தேதி என்பது கேட் என்ட்ரி தேதி. இன்வாய்ஸில் உள்ள தேதி கிளம்பிய தேதி, அதை எடுக்க வேண்டாம். குறித்த தேதிக்கு இரண்டு நாள் முன்னால் வருவது வரை சரி என்று வைத்துக்கொள்ளலாம். நேரத்துக்கு வந்தால் மட்டும் போதாது, முழு அளவும் வந்திருக்க வேண்டும். 500 கேட்ட ஒரு ஆர்டருக்கு 430 தான் வந்திருக்கிறது. மீதி 70-க்காக லைன் நின்றதா இல்லையா என்ற விவாதமே வேண்டாம், அது முழுமையான டெலிவரி இல்லை.

இப்போது எண்ணுவோம். உங்கள் ஷீட்டின்படியே தாமதமானவை 3. தேதி மாற்றிய 3, அளவு குறைந்த 1, ஆக 7 தவறியவை. ஆனால் முதல் மூன்றில் இரண்டு, ஆர்டர் போட்ட பிறகு நீங்கள் ட்ராயிங்கைத் திருத்தி அனுப்பியதால் தாமதமானவை. அவற்றைச் சப்ளையர் தலையில் கட்டக் கூடாது. அவருக்குச் சாதகமாகவும் எண்ண வேண்டாம், கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். மிச்சம் 18 ஆர்டரில் 13 சரியாக வந்திருக்கின்றன, 72 சதவீதம். டெலிவரிக்குப் படிக்கட்டு தேவையில்லை. இதில் சப்ளையருக்குச் சப்ளையர் நல்ல வித்தியாசம் தெரியும் என்பதால் 72 சதவீதத்தை 72 மார்க் என்றே எழுதலாம்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒப்புக்கொண்ட விலை காலாண்டுக்குள் பெரும்பாலும் மாறாது. மாறாத ஒன்றுக்கு மாதாமாதம் மார்க் போட்டு என்ன தெரியப்போகிறது? உங்கள் ட்ராயிங்குக்குத் தகுதி பெற்ற சப்ளையர்களில் யாருடைய விலை குறைவோ அவருக்கு 100 வையுங்கள். அதைவிட ஒரு சதவீதம் கூடினால் ஒரு மார்க் குறையட்டும். மாதிரி பீஸ்கூடக் காட்டாத ஒருவர் போனில் சொன்ன விலையை இதில் சேர்க்காதீர்கள். அதோடு, ஆர்டரில் இல்லாத விலையில் வந்த ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் 5 மார்க் கழியுங்கள். உங்கள் சப்ளையர் விலைதான் குறைவு, ஆகவே 100. இரண்டு இன்வாய்ஸ் தவறாக வந்திருக்கிறது. மிச்சம் 90.

ஒதுக்கிய பீஸைப் பிரித்தெடுக்க ஆன கூலி, அவசர வண்டி வாடகை இதையெல்லாம் விலை மார்க்கில் கழிக்கலாமா என்று தோன்றும். வேண்டாம், ஒரே தவறுக்கு இரண்டு இடத்தில் அடி விழும். ஆனால் அந்தத் தொகையை ஸ்கோர்கார்டின் அடியில் தனி வரியாக எழுதுங்கள், முதலாளி பார்க்க வேண்டிய வரி அதுதான். உங்கள் பதிவிலிருந்து கூட்டிப் பார்த்தேன். இவரிடம் வாங்கிய மதிப்பு 100 என்றால், பிரித்தெடுக்கவும், லைன் நின்ற கூலிக்கும், அவசரமாகச் சரக்கு எடுத்துவரவும் சேர்த்து 4.5 செலவாகியிருக்கிறது. இரண்டாவது சப்ளையர் கேட்டது 103. விலை குறைவு என்ற வாதம் அந்த இடத்தில் நிற்கவில்லை. ஆனால் இரண்டாமவரிடம் போனால் இந்தச் செலவு சுத்தமாக இல்லாமல் போகும் என்றும் யாரும் எழுதித் தரவில்லை.

புகாருக்குப் பதில் என்ற கட்டத்தில் நீங்கள் எழுதியிருக்கும் குறிப்பு "போன் உடனே எடுக்கிறார்" என்பது. நல்ல விஷயம்தான், ஆனால் அதை எண்ண முடியாது. ஒவ்வொரு புகாருக்கும் நான்கு கேள்வி கேளுங்கள். ஒரு வேலை நாளுக்குள் எழுத்தில் பதில் வந்ததா, அதற்கு 20 மார்க். மூன்று வேலை நாளுக்குள் மாற்றுச் சரக்கு தந்தோ, ஆள் அனுப்பிப் பிரித்தெடுத்தோ நிலைமையைக் கட்டுக்குள் கொண்டுவந்தாரா, அதற்கு 30. அவருடைய பட்டறையில் இருக்கும் சரக்கையும் வழியில் இருக்கும் சரக்கையும் பார்த்தால்தான் இந்த 30-ஐக் கொடுங்கள். இரண்டு வாரத்துக்குள் காரணத்தையும் செய்த மாற்றத்தையும் எழுதித் தந்தாரா, அதற்கு 20. இந்தப் புகார் முன்பு வந்த அதே குறை இல்லை என்றால் 30.

காரணம் என்ற பெயரில் வருவதைக் கொஞ்சம் முறைத்துப் பாருங்கள். "ஆபரேட்டரைக் கவனமாக இருக்கச் சொல்லியிருக்கிறோம்" என்பது காரணமும் இல்லை, மாற்றமும் இல்லை. "டூல் தேய்ந்ததால் விட்டம் கூடியது, இனி 300 பீஸுக்கு ஒருமுறை டூலை மாற்றுவோம், 50 பீஸுக்கு ஒருமுறை அளந்து எழுதுவோம்" என்பதுதான் பதில். அதை அடுத்த லாட்டில் நீங்கள் சரிபார்க்கவும் முடியும்.

உங்களிடம் இருப்பது மூன்று புகார். முதலாவது, விட்டம் அதிகம். பதிலும் மாற்றுச் சரக்கும் நேரத்துக்கு வந்தன, காரணமாக வந்தது ஆபரேட்டர் கதை. புதிய குறை என்பதால் 80. இரண்டாவது, பர். காரணம் தெளிவாக எழுதியிருக்கிறார், ஆனால் மாற்றுச் சரக்கு ஒன்பது நாள் கழித்து வந்தது, 70. மூன்றாவது, மறுபடியும் விட்டம். பதிலும் சரக்கும் வந்தன, காரணம் வரவில்லை. பழைய குறையே திரும்பியதால் அந்த 30-ம் போயிற்று, ஆக 50. சராசரி 67.

புகார் எத்தனை என்பதை இங்கே எண்ண வேண்டாம், அது தரத்தில் வந்துவிட்டது. புகாரே இல்லாத காலாண்டில் 100 போடவும் வேண்டாம். பரீட்சை எழுதாதவருக்கு முதல் ரேங்க் கொடுப்பது போல ஆகிவிடும். கட்டத்தைக் காலியாக விட்டு, அதன் எடை மற்ற மூன்றுக்கும் அவற்றின் விகிதத்தில் போகட்டும்.

எடை என்று வரும்போது, உங்கள் நிலைமைக்குத் தரம் 40, டெலிவரி 30, விலை 15, புகாருக்குப் பதில் 15 என்பேன். இரண்டு மாதத்துக்கு ஸ்டாக் வைத்திருப்பவர் டெலிவரிக்கு இவ்வளவு கொடுக்கத் தேவையில்லை. எக்செல்லில் எடையை B2 முதல் B5 வரையிலும் மார்க்கை C2 முதல் C5 வரையிலும் வைத்தால் இந்த ஃபார்முலா போதும். காலியாக இருக்கும் கட்டத்தை இது தானாகவே விட்டுவிடும்.

```
=SUMPRODUCT(B2:B5,C2:C5)/SUMIF(C2:C5,"<>",B2:B5)
```

உங்கள் எண்களைப் போட்டால் தரத்திலிருந்து 12, டெலிவரியிலிருந்து 21.6, விலையிலிருந்து 13.5, புகாரிலிருந்து 10. ஏறத்தாழ 57. மற்ற எதையும் மாற்றாமல் தரத்துக்கு மட்டும் 98.6 என்று எழுதியிருந்தால் இதே சப்ளையருக்கு 85 வந்திருக்கும்.

மொத்தத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. தரத்தில் 30 வாங்கியவர் மற்ற மூன்றிலும் 100 வாங்கினால் மொத்தம் 72 வந்துவிடும், ஆனால் லைன் நிற்பது நிற்கத்தான் செய்யும். விலையில் கிடைத்த மார்க் பேரிங்கை ஏற்றிவிடாது. அதனால் ஒரு அடிக்கோடு வையுங்கள். தரமோ டெலிவரியோ 50-க்குக் கீழே போனால், மொத்தம் எவ்வளவு இருந்தாலும் அந்தச் சப்ளையர் திருத்தத் திட்டம் தர வேண்டியவர். அந்தத் தடை இல்லாதவர்களில் 80-க்கு மேல் இருப்பவரிடம் வழக்கம்போல வாங்கலாம். 60-க்கும் 80-க்கும் நடுவில் இருப்பவரை அழைத்துப் பேச வேண்டும். அதற்கும் கீழே என்றால் புதிய பாகங்களுக்கு அவரிடம் ஆர்டர் போவதை நிறுத்தலாம்.

மாதாமாதம் போடுவதையும் விட்டுவிடுங்கள். உங்களுக்கு மாதத்துக்கு ஆறேழு லாட்தான் வருகிறது. ஒரே ஒரு தாமதம் டெலிவரி மார்க்கை 15 போலக் கீழே இழுத்துவிடும், அடுத்த மாதம் மறுபடி ஏறிவிடும். அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டுச் சப்ளையர் முன்னேறிவிட்டார் என்று சொல்வதில் பொருளில்லை. பதிவை அன்றாடம் எழுதுங்கள், மார்க்கைக் காலாண்டுக்கு ஒருமுறை எடுங்கள். பக்கத்திலேயே "18-ல் 13" என்று எண்ணிக்கையும் இருக்கட்டும். காலாண்டில் மூன்று நான்கு தடவை மட்டுமே சரக்கு தரும் சப்ளையருக்கு மார்க்கே வேண்டாம், நடந்ததை வரிசையாக எழுதி வைத்தால் போதும். ஐஎஸ்ஓ 9001 ஆடிட் இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். 2015 பதிப்பின் 8.4 பிரிவு, வெளியிலிருந்து சப்ளை செய்பவர்களை மதிப்பிட்டு, கண்காணித்து, மறுபடி மதிப்பிட்டு, அதற்கான பதிவை வைத்திருக்கச் சொல்கிறது. எத்தனை மார்க், என்ன எடை என்று அது சொல்வதில்லை.

இனி இந்த 57-ஐ வைத்து என்ன செய்வது? நேராக அதை நீட்டினால் சப்ளையர் மார்க்கைப் பற்றித்தான் வாதாடுவார். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு அவருக்கு மார்க்கை அனுப்பாமல் பட்டியலை அனுப்புங்கள். 20 ஆர்டர், முதல் தேதி, வந்த தேதி, அளவு, லாட் வாரியாக ஒதுக்கிய பீஸ், மூன்று புகார், அவ்வளவுதான். எதில் ஒத்துக்கொள்ளவில்லையோ அந்த வரியைக் காட்டட்டும். ட்ராயிங் திருத்தம் மாதிரி இன்னொன்று உங்கள் பக்கத் தவறாகக் கிளம்பலாம், கிளம்பினால் எடுத்துவிடுங்கள். பட்டியல் முடிவான பிறகு மார்க் தானாக வரும், அதை யாரும் பேரம் பேச முடியாது.

கூட்டத்தில் நான்கையும் ஒன்றாகத் திருத்தக் கேட்காதீர்கள். லைனில் ஒதுக்கிய 85-ல் 60-க்கு மேல் விட்டக் குறைதான். மூன்று புகாரில் இரண்டும் அதுவே. ஆகவே விட்டத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் எந்த மெஷினில், எந்த மைக்ரோமீட்டரில், எத்தனை பீஸுக்கு ஒருமுறை அளக்கிறார் என்று கேளுங்கள். இரண்டு பேரும் ஒரே பத்து ஷாஃப்ட்டைத் தனித்தனியாக அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள். அவருடைய அளவும் உங்களுடைய அளவும் ஒத்துப்போகவில்லை என்றால் சண்டை ஷாஃப்ட்டில் இல்லை, கருவியில் இருக்கிறது. அடுத்த காலாண்டுக்கு ஒதுக்கல் 0.5 சதவீதத்துக்குள், டெலிவரி 85 சதவீதத்துக்கு மேல் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

இப்போதே அவரை மாற்ற வேண்டாம் என்றுதான் சொல்வேன். புகாருக்கு நேரத்துக்குப் பதில் தருகிறார், பர் விஷயத்தில் காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்துச் சொல்லவும் செய்திருக்கிறார். ஆனால் அடுத்த மூன்று மாதத்தைச் சும்மா காத்திருந்து போக்க வேண்டாம். 103 கேட்டவரிடம் இரண்டு சிறிய லாட் வாங்கி, இதே படிக்கட்டில் வைத்துப் பாருங்கள். விட்டக் குறை மூன்றாவது தடவையாகத் திரும்பினால் உங்களுக்கு முன்னால் போக ஒரு வழி தயாராக இருக்கும். சப்ளையருடனான கூட்டத்துக்கு உங்கள் முதலாளியையும் சூப்பர்வைசரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு முன்னால், அந்த 55-ஐயும் 85-ஐயும் ஒரே தாளில் எழுதி இரண்டு பேரிடமும் காட்டிவிடுங்கள்.